நஞ்சு கீழே இருந்த மாதங்கள்

ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு ஐந்து மாதம். வயிற்றில் தடவிய பசை ஜில்லென்றிருந்தது. கையிலிருந்த கருவியை அடிவயிற்றில் ஒரே இடத்தில் அழுத்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடியும் அதே இடத்துக்கு வந்தார். அங்கே ஏன் அவ்வளவு நேரம் என்று நினைத்தேன். “எல்லாம் சரியா இருக்குங்களா?” என்று கேட்டேன். “ரிப்போர்ட்டுல எழுதித் தர்றேம்மா” என்றார். சுவரில், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை தொங்கியது. ஊரில் எல்லோரும் அதற்காகத்தான் திரையைத் திருப்புவார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை.

வெளியே மாமியாரும் ஓர்ப்படியும் இருந்தார்கள். ஓர்ப்படி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் டாக்டர் மாமியாரிடம் ஏதோ பேசி முடித்திருந்தார். நான் வந்ததும் பேச்சு நின்றது. பஸ் நிலையம் வரை மூன்று பேரும் நடந்தோம். திருவாரூரிலிருந்து எங்கள் கிராமத்துக்கு முக்கால் மணி நேரம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, நடவு முடிந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ரிப்போர்ட் உறை அவர் மடியில் இருந்தது. கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்றார். வீட்டுக்குப் போனதும் அது பீரோவுக்குள் போய்விட்டது.

அன்று மாலை கொல்லையில் துணி எடுக்கப் போனபோது, அத்தை தன் மூத்த மகனிடம் “நஞ்சு கீழ இருக்குதாம்” என்று தாழ்ந்த குரலில் சொல்வது காதில் விழுந்தது. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. நஞ்சுக்கொடியைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல் விஷம் போலவே உள்ளே இறங்கியது.

நான் ஏன் அப்படிச் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் எப்படிப் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு பொய்யைச் சொன்னவளே நான்தான்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, எனக்குக் கல்யாணமான புதிதில், ஓர்ப்படிக்கு நிறைமாதத்தில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். ஆண் குழந்தை. உயிரில்லாமல் பிறந்தது. அவர் மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். உடம்பு தேறும் வரை சொல்ல வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். படித்தவள் நான் சொன்னால் அவர் நம்புவார் என்று என்னை அனுப்பினார்கள். “பாப்பா இன்குபேட்டர்ல இருக்குக்கா. தூங்குது. அப்புறம் காட்டுவாங்க” என்றேன். இரண்டு நாள் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் அவர் கணவர் சொல்லி அழுதார். ஓர்ப்படி என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரே அடுப்படியில் சமைத்தோம், ஒரே கொடியில் துணி காயப்போட்டோம். அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அதனால் எனக்கு முறை வந்தபோது நல்ல செய்தி எதையும் என்னால் நம்ப முடியவில்லை. யாராவது சிரித்த முகத்தோடு “ஒண்ணும் இல்லம்மா” என்றால் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தேன். நானும் அன்று ஓர்ப்படியிடம் அப்படித்தான் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

என் அம்மா நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா திருப்பூரில் அண்ணனோடு இருந்தார். அண்ணன் பனியன் கம்பெனியில் வேலை. தலைப்பிரசவத்துக்குப் போக எனக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. கணவர் ஷார்ஜாவில் எலக்ட்ரீசியன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அப்படிப் போயிருந்தார்கள். தாத்தா காலத்தில் பண்ணையில் கூலிக்கு நின்ற குடும்பங்கள்தான். இப்போது கொஞ்சம் நிலம், ஒரு பாஸ்போர்ட், ஒரு மொசைக் தரை என்று ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு அவர் பேசுவார். நான் போய்க் காத்திருப்பேன். அந்த லைனில் நாம் பேசியது போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். “அத்தை உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டேன். நிசப்தம். பிறகு, “இல்லையே, எதுக்கு?” என்றார். அந்த நிசப்தம் லைனுடையதா அவருடையதா என்று வாரம் முழுக்க யோசித்தேன்.

அத்தை கோயிலுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் பீரோ சாவியை எடுத்துத் திறந்தேன். ரிப்போர்ட் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. குழந்தையின் தலை, தொடை எலும்பு, இதயத் துடிப்பு எல்லாம் எண்களாக இருந்தன. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. பிளசென்டா தாழ்வாக இருக்கிறது, முப்பத்திரண்டாவது வாரத்தில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். எனக்கு அவ்வளவுதான் என்று தோன்றவில்லை. ரிப்போர்ட்டில் எழுதாமல் வாயால் சொன்ன வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. இல்லாவிட்டால் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சோதிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் உள்ளாடையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்ப்பதற்காகவே போவேன். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போனது. அது மாத்திரையால் என்று தெரிந்தும் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நடுங்கினேன். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதே ஒரு கை வயிற்றில் இருக்கும். குழந்தை அசையவில்லை என்று தோன்றினால் விரலால் தட்டுவேன், குளிர்ந்த தண்ணீர் குடிப்பேன், குதிகாலை ஊன்றி நிற்பேன். அசைந்தால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு, ஏன் இவ்வளவு வேகமாக அசைந்தது, மூச்சுக்குத் தவிக்கிறதோ என்று ஆரம்பித்துவிடும். சில நாள் காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் நுனி மரத்துப்போகும். சோறு இறங்காது. எடை ஏறவில்லை. எடை ஏறவில்லை என்று அதற்கும் ஒரு பயம்.

யார் வந்தாலும் ஒரு கதை வைத்திருந்தார்கள். கொடி சுற்றிய கதை, தண்ணி வற்றிய கதை, பக்கத்து ஊரில் வழியிலேயே ஆட்டோவில் பிரசவமான கதை. எல்லாம் எனக்காகவே ஜாடையாகச் சொல்வது போல இருந்தது. ஓர்ப்படியின் மேல்தான் அதிகச் சந்தேகம். அவர் என்னை விட்டு விலகியே இருந்தார். நான் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவார். என் தட்டில் சோறு போட மாட்டார். இவருக்கு விஷயம் தெரியும், முகத்தில் காட்டிவிடுவோமோ என்று பயந்து ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். வேறு சில நாளில் இன்னும் மோசமாக நினைத்தேன். நான் அன்று சொன்ன பொய்க்கு இவர் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார், எனக்கும் அப்படி ஆகட்டும் என்று இருக்கிறார் என்று. அப்படி நினைத்ததை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், சைக்கிளில் வருவார். மூன்று வாரத்தில் ஐந்து முறை குழந்தையின் துடிப்பைக் கேட்கச் சொல்லி அவரிடம் போனேன். ஐந்தாவது முறை, துடிப்பு கேட்கும் குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, “நூத்தி நாப்பத்தி நாலு. நல்ல துடிப்பு” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. “நீங்களும் மறைக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எதிலாவது மனம் ஒட்டுகிறதா, செத்துப்போய்விடலாம் போல எப்போதாவது தோன்றியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு இல்லை என்றேன். மற்றதற்கெல்லாம் அழுதேன். இது பைத்தியம் இல்லை, பலவீனமும் இல்லை, கர்ப்பத்தில் நிறையப் பேருக்கு வருகிறது, ஒரு சாவைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும் என்றார். பயம் மூளையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீங்கள் சோதித்துப் பார்க்கும்போது ஒரு நிமிடம் நிற்கிறது, அதனாலேயே மறுபடி மறுபடி சோதிக்கச் சொல்கிறது என்று விளக்கினார். குறையாவிட்டால் தஞ்சாவூரில் மனநல டாக்டர் இருக்கிறார், கர்ப்பத்திலும் பார்க்கலாம், தானே கூட வருவதாகச் சொன்னார்.

பிறகு ரிப்போர்ட்டை எடுத்து வரச் சொன்னார். அடுத்த நாள் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனேன். ஒரு பழைய பலூனை ஊதி, அதன் வாய்க்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். இன்னும் ஊதினார். புள்ளி வாயிலிருந்து விலகி மேலே போனது. கர்ப்பப்பை பெரிதாகும்போது அதன் கீழ்ப்பகுதி இழுபட்டு நீளும், நஞ்சுக்கொடி ஒட்டிய இடம் வாயை விட்டு மேலே போய்விடும், ஐந்து மாதத்தில் கீழே இருப்பது பெரும்பாலும் எட்டு மாதத்தில் மேலே போய்விடுகிறது என்றார்.

“போகலைன்னா?” என்று கேட்டேன்.

“போகலைன்னா ஆபரேஷன். முன்னாடியே நாள் குறிச்சு, ரத்தம் ஏற்பாடு பண்ணி வச்சுக்கிட்டு எடுப்பாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அப்படி யாராலயும் முடியாது. ஆனா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்.”

சத்தியம் செய்ய மாட்டேன் என்று அவர் சொன்னதுதான் எனக்கு முதல் முறையாக நம்பும்படி இருந்தது.

அவர் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். தினமும் பள்ளி விட்டு வந்து கால் மணி நேரம், பயமெல்லாம் அதில் எழுத வேண்டும். மற்ற நேரத்தில் பயம் வந்தால் சாயங்காலம் நோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டும். எழுதியதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கக்கூடியது ஒரு பக்கம். யாருக்கும் பதில் தெரியாதது மறுபக்கம். நெஞ்சு படபடத்தால் மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடச் சொன்னார். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கனமானதைத் தூக்கக் கூடாது, வாய்க்கால் கரையில் மெதுவாக நடக்கலாம் என்றார். எதற்கு உடனே ஓடி வர வேண்டும் என்பதைத் தனியாக எழுதிக்கொடுத்தார். வலியில்லாமல் வந்தாலும் ரத்தப்போக்கு, தண்ணீர் கசிவு, தீராத தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் வீங்குவது, விட்டு விட்டு வரும் வலி, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், வராவிட்டால் உள்ளாடையைப் பார்க்க மட்டும் எழுந்து போக வேண்டாம்.

ஏழாம் மாதத்திலிருந்து அசைவை எண்ண ஒரு முறை வைத்தோம். சாப்பிட்ட பிறகு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, பத்து அசைவு எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்துவிட்டால் அன்றைய எண்ணிக்கை முடிந்தது. உள்ளே குழந்தையும் அரைமணி, முக்கால் மணி தூங்கும், ஒவ்வொரு அமைதிக்கும் தட்டி எழுப்ப வேண்டாம் என்றார். எனக்குப் பெரும்பாலும் முக்கால் மணிக்குள் பத்து வந்துவிடும். எழுந்து புடவையை உதறிக்கொண்டு வேறு வேலை பார்க்கக் கற்றுக்கொண்டேன். எல்லா நாளும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

பயம் கொஞ்சம் அடங்கியது. சந்தேகம் அடங்கவில்லை. நோட்டின் மறுபக்கத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: ஏதாவது ஆனால் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஐப்பசியில் வளைகாப்பு வைத்தார்கள். அடைமழை. தெருவெல்லாம் சேறு. பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் போட்டார்கள். ஓர்ப்படி வரவில்லை. கலவை சாதம் கிளறிய கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். நான் கூப்பிட்டேன். அத்தை என் தோளை அழுத்தி, “அவ வேண்டாம்” என்று காதோரம் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கிட்டே வரக்கூடாது என்று ஸ்கேன் எடுத்த அன்றே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சோறு போடாததும், நான் உட்கார்ந்தால் எழுந்து போனதும் அதனால்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அடுப்படிக்குப் போனேன். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தேன். அவர் எழப் பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அன்னிக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும்” என்றார். “நீ சொல்லும்போதே தெரியும். என் முகத்தைப் பாக்காம சுவத்தைப் பாத்துக்கிட்டு சொன்ன.”

“தெரிஞ்சா ஏன்கா கேக்கல?”

“கேட்டா நிஜமாயிடுமே.” இன்னொரு பாத்திரத்தை இழுத்துத் தேய்த்தார். பிறகு, “பால் கட்டிக்கிச்சுன்னு பீச்சி, கிண்ணத்துல பாப்பாவுக்குக் குடுத்து அனுப்புனேனே. அதை எங்க ஊத்துன?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒன்றரை வருடம் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அதற்கும் ஒரு பொய் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

“ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு பூவரச மரம் இருந்துச்சுக்கா. அதுக்கு அடியில ஊத்துனேன். நாலு தடவை.”

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, என் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார். நான் தட்டில் மீதியிருந்த இரண்டு பச்சை வளையலை எடுத்து நீட்டினேன். யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, மெதுவாகப் போட்டுவிட்டார்.

அன்றுதான் கேட்டேன். எனக்கு எது ஆனாலும், நல்லதோ கெட்டதோ, உடனே நீங்கள் வந்து சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. “என்னால அந்த ஆஸ்பத்திரி வாசனையில நிக்க முடியுமான்னு தெரியல” என்றார். இரண்டு நாள் கழித்து, மாடு கட்டப் போகும் வழியில் நின்று, வருகிறேன் என்று மட்டும் சொன்னார். சொன்ன கையோடு பாக்கியையும் சொல்லிவிட்டார். ஸ்கேன் விஷயம் ஷார்ஜாவுக்கும் தெரியும். மூத்தார், அதாவது ஓர்ப்படியின் கணவர், கடிதம் எழுதியிருந்தார். நான் பயப்படுவேன் என்று என் கணவரும் மறைத்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை பூத்தில் நான் கத்தவில்லை. “எனக்குத் தெரியும்ங்க. நீங்க மறைச்சதுதான் எனக்கு வியாதி” என்றேன். பிறகு, அங்கே அறையில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு தானும் அதையே நினைத்துக்கொண்டிருப்பதாகவும், யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வாரா வாரம் நோட்டிலிருந்து இரண்டு வரி படித்துக்காட்டுவேன். அவரும் தன் பயத்தில் ஒன்றைச் சொல்வார்.

அத்தையிடமும் பேசினோம், நானும் செவிலியரும் சேர்ந்து. அத்தை முதலில் முறுக்கிக்கொண்டார். கர்ப்பிணியிடம் கெட்டதைச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்றார். தன் மூத்த மருமகளுக்கு நடந்ததில் அவரும் பயந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில் பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டதைச் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஒரு ஏற்பாடும் செய்தோம். மழையில் ரோடு மூழ்கினால் எந்த வழியாகப் போவது என்று மூத்தார் பார்த்து வைத்தார். ரைஸ்மில் வேன் ஓட்டுபவரிடம் எந்த நேரமும் கூப்பிடுவோம் என்று சொல்லி வைத்தார். ரத்தம் கொடுக்க என் ரத்த வகை உள்ள இரண்டு பேரைச் செவிலியர் கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அவரே என்னைத் திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பிரசவ அறையைக் காட்டினார். கட்டில், விளக்கு, குழந்தையை வைக்கும் சூடான மேஜை, பிராணவாயு சிலிண்டர். எது எதற்கு என்று கேட்டேன். நான் கற்பனையில் பார்த்திருந்த அறையை விட அது சின்னதாக, சாதாரணமாக இருந்தது.

கார்த்திகையில் இரண்டாவது ஸ்கேன். இந்த முறை ஓர்ப்படி உள்ளே வந்து நின்றார். நோட்டிலிருந்து எழுதிக்கொண்டுபோன ஐந்து கேள்வியை டாக்டரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, கொஞ்சம் திகைத்து, திரையில் ஓரிடத்தைக் காட்டினார். நஞ்சு வாயிலிருந்து நன்றாக விலகி மேலே போயிருந்தது. சாதாரணப் பிரசவத்துக்குத் தடையில்லை என்றார். நான் ஓர்ப்படியின் முகத்தைப் பார்த்தேன். “நானும் பாத்தேன். அவர் சொன்னது அதான்” என்றார். அப்போதும் முழுதாக நம்பவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

தை பிறந்து நான்காம் நாள் காலையில், அறுவடை ஆட்களுக்கு அத்தை காப்பி கலந்துகொண்டிருக்கும்போது, பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் லேசான பச்சை நிறம். செவிலியரின் பட்டியலில் தண்ணீர் கசிவு இருந்தது, நிறம் இல்லை. ஆனாலும் உடனே என்றால் உடனே. இருபது நிமிடத்தில் வேனில் இருந்தோம். ஓர்ப்படி என் கையைப் பிடித்திருந்தார். நான் நான்கு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். அவரும் கூடவே எண்ணினார். பாதி வழியில் அவர் எண்ணிக்கை தப்பியது. அவர் உள்ளங்கை என்னுடையதை விட ஈரமாக இருந்தது.

குழந்தை உள்ளேயே மலம் போயிருக்கிறது, அதனால்தான் பச்சை என்று திருவாரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா சொன்னார். துடிப்பை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருப்போம், இறங்கினால் ஆபரேஷன் என்றார். துடிப்பு இறங்கவில்லை. மதியத்துக்குப் பிறகு பெண் குழந்தை பிறந்தது.

அழவில்லை.

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சூடான மேஜை மேல் மூன்று பேர் குனிந்து நின்றார்கள். உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரோ வேகமாக எண்ணினார்கள். பிறகு பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பக்கத்திலிருந்த நர்ஸ் நல்லா இருக்கு என்றார். வார்டுக்கு மாற்றியதும் அத்தை வந்தார். தலையைத் தடவினார். “பாப்பா தூங்குது. அப்புறம் காட்டுவாங்க” என்றார்.

என் சொற்களேதான். மூச்சை எண்ண வரவில்லை. குழந்தை போய்விட்டது, ஊருக்கு எடுத்துப்போய்விட்டார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. எழுந்து ஓடப் பார்த்தேன், நர்ஸ் பிடித்துக்கொண்டார். அக்காவைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஓர்ப்படி வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“உயிரோட இருக்கு. பொறந்ததும் அழல. அழுக்குத் தண்ணியை முழுங்கியிருக்குன்னு உறிஞ்சி எடுத்தாங்க. மாஸ்க் வச்சு காத்து குடுத்தாங்க, அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. இப்ப மூச்சு வேகமா வாங்குது. உதடு சிவப்பா இருக்கு. கண்ணாடிப் பெட்டியில வச்சு ஆக்ஸிஜன் குடுக்கறாங்க. ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்களாம். நல்லா இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கு. நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் வர்றேன்.”

அது நல்ல செய்தி இல்லை. ஆனால் கேட்டதும் மூச்சை எண்ண வந்தது. அழுதேன். அவரும் அழுதார். அவர் பிரசவ அறை வாசலிலும் குழந்தை இருந்த அறை வாசலிலுமாக மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார். நடுவில் ஒருமுறை வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வந்து நின்றதாக அத்தை பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலமே சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. அது ஏன் என்று கேட்டேன், சொன்னார்கள். இரண்டாம் நாள் மூச்சு நிதானமானது. மூன்றாம் நாள் என் மடியில் வைத்தார்கள். மார்பில் வாயை வைத்ததும் கோபமாக அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வார்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பயம் அத்தோடு போய்விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தூங்கும் குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது செவிலியர், குழந்தையைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்து, எத்தனை தடவை என்று கேட்டார். உண்மையான எண்ணைச் சொன்னேன். மறுபடி நோட்டு ஆரம்பித்தது. ஒருமுறை தஞ்சாவூர் மனநல டாக்டரிடமும் போய் வந்தேன். மாத்திரை தரவில்லை, மூன்று முறை வந்து பேசச் சொன்னார். போனேன். ஓர்ப்படியும் கூட வந்தார். இரண்டாம் முறை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை டாக்டர் உள்ளே அழைத்து அவரிடமும் தனியாக அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பங்குனி வெயில் ஏறியிருந்த ஒரு மதியம், உளுந்து காயப்போட்ட களத்துக்கு அத்தை போயிருந்தார். குழந்தைக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்தேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குழந்தை பக்கத்தில் இல்லை. கூடத்தில் ஓர்ப்படி அவளை மடியில் போட்டு வசம்பு வளையலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அழுதிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. “எழுப்பியிருக்கலாமேக்கா” என்றேன். “தூங்குனியே, அதான்” என்றார். குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்காமலே நான் முகம் கழுவப் போனேன்.